ஏழில் முடியும் தேதிகள்

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மேசை மேல் ஒரு வெள்ளை உறை கிடந்தது. பள்ளியின் சின்னம் போட்ட உறை. மூத்தவன் நான்காம் படிவம் படிக்கிறான். உறையைக் கொண்டு வந்து வைத்தவனும் அவன்தான். வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

கடிதம் ஒரு பக்கம்தான். உங்கள் மகன் கூடுதல் கணிதப் பாடவேளைகளில் அனுமதியின்றி வகுப்பில் இல்லை என்று சொல்லி ஐந்து தேதிகள் கொடுத்திருந்தார்கள். ஜூலை 7, ஜூலை 17, ஆகஸ்டு 7, ஆகஸ்டு 13, ஆகஸ்டு 27. ஒரு வாரத்துக்குள் பெற்றோர் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும்.

இதில் எனக்கென்று ஒரு தனி வெட்கம் இருந்தது. நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். காரணம் கேட்டுக் கடிதம் அனுப்புவதும் அதற்கு வரும் பதில்களைப் படித்துக் கோப்பில் போடுவதும் பல வருடங்களாக என் வேலை. பாட்டி இறந்துவிட்டார் என்று ஒரே பாட்டிக்கு மூன்று முறை எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளினிக்கின் சாப் குத்திய எம்.சி.யில் தேதியைத் திருத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இப்போது மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார வேண்டியதாயிற்று.

முதலில் எனக்குப் புரியாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகாமல் இருந்ததில்லை. காலையில் என் காரில்தான் போகிறான். பள்ளி வாசலில் இறங்கி உள்ளே நுழைவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் நெடுஞ்சாலைக்குத் திரும்புவேன். பிறகு எப்படி?

வகுப்பாசிரியர் வருகையைப் பதிவது காலையில். அந்தப் பதிவில் இந்த ஐந்து நாளும் அவன் 'வந்திருக்கிறான்'. காரணமில்லாமல் தொடர்ந்து மூன்று நாளோ, விட்டுவிட்டுப் பத்து நாளோ வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது முழு நாள் வராதவர்களுக்கான கணக்கு. காலையில் வந்துவிட்டு ஒரு பாடத்துக்கு மட்டும் மட்டம் போடுகிறவன் அந்தக் கணக்கில் சிக்கவே மாட்டான். அவனைப் பிடிப்பது வகுப்பிலேயே இருக்கும் இன்னொரு தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் வரும் ஆசிரியர் அதில் கையெழுத்துப் போட்டு, யார் இல்லை என்று குறிப்பார். அது கட்டொழுங்கு ஆசிரியர் மேசைக்குப் போய், அவர் உட்கார்ந்து தொகுத்தால்தான் வெளியே வரும். ஜூலையில் நடந்தது எனக்குச் செப்டம்பரில் தெரிந்தது இப்படித்தான்.

அன்றிரவு கதவைத் தட்டினேன். 'ஏன்டா இப்படிச் செஞ்சே' என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அலுவலகத்தில் கற்றுக்கொண்ட ஒன்று இது. ஏன் என்று முதலில் கேட்டால் கதைதான் வரும். எங்கே, எத்தனை மணிக்கு, யாரிடம் சொல்லிவிட்டுப் போனாய் என்று கேட்டால் உண்மை வர வாய்ப்பு உண்டு.

"எங்கே இருந்தே?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னான். முதல் தடவை மேல்மாடிக் கழிவறையில். ஒரு மணி நேரம் அங்கே நிற்க முடியவில்லை. அடுத்த தடவைகளில் மண்டபத்துக்குப் பின்னால், சாரணர் இயக்கத்தின் கூடாரங்களும் கழிகளும் வைத்திருக்கும் அறை. அவன் சாரணன் என்பதால் சாவி எங்கே தொங்கும் என்று தெரியும். ஆசிரியை கேட்டால் 'உடம்பு சரியில்லை, படுக்கை அறைக்குப் போயிருக்கிறான்' என்று சொல்ல ஒரு நண்பன்.

"அங்கே என்ன பண்ணினே?"

"சும்மா உட்கார்ந்திருந்தேன்மா."

கைப்பேசி இல்லை, சிகரெட் இல்லை, வெளியே போகவில்லை. இருட்டு அறையில் கூடாரத் துணி மேல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறான். கோபத்தோடு உள்ளே போன எனக்கு அங்கேதான் கொஞ்சம் உறைத்தது. விளையாட்டுக்காக மட்டம் போடுகிறவன் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டான்.

ஆனால் ஆகஸ்டு 13 மட்டும் நான் இல்லை என்று அடித்துச் சொன்னான். அன்று மாவட்டச் சாரணர் பயிற்சிக்குப் பள்ளியே பேருந்தில் அழைத்துப் போனதாம். நான் நம்பவில்லை. அவனே கோப்பைக் கிளறி, நான் கையெழுத்துப் போட்ட அனுமதிப் படிவத்தின் நகலை எடுத்துக் கொடுத்தான். தேதி ஆகஸ்டு 13. என் கையெழுத்துத்தான். போட்டது எனக்கு நினைவே இல்லை.

அந்தத் தேதியை அடித்தேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த சின்னவள் எட்டிப் பார்த்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். "அம்மா, எல்லாம் ஏழுல முடியுது" என்றாள். ஜூலை 7, ஜூலை 17, ஆகஸ்டு 7, ஆகஸ்டு 27. "அண்ணன் வகுப்புல எத்தனாவது நம்பர்?"

அவன் பதினேழாம் எண். சில ஆசிரியர்கள் அன்றைய தேதியைப் பார்த்து மாணவரை அழைப்பார்கள். ஏழாம் தேதியா, 7, 17, 27, 37 எழுந்து வந்து பலகையில் கணக்குப் போட வேண்டும். கூடுதல் கணிதம் திங்கள், புதன், வியாழன். அந்தக் கிழமைகளில் ஏழில் முடியும் தேதி விழுந்தால் அவன் சாரணர் அறையில். மற்ற நாள்களில் அமைதியாக வகுப்பில். சின்னவள் கேட்டதும் அவன் முகம் போன போக்கே பதிலாக இருந்தது.

அதற்கு முன் ஒரு நாள் பலகைக்குப் போய் நின்றிருக்கிறான். இருபடிச் சார்பு. 2x² − 5x + 1 என்பதை வர்க்க நிறைவு செய்ய வேண்டும். இரண்டை வெளியே எடுத்துவிட்டான். உள்ளே 5/2 வந்தது. அதில் பாதி எவ்வளவு என்று தெரியவில்லை. பின்னத்தைப் பாதியாக்குவது ஆரம்பப்பள்ளிக் கணக்கு. ஆசிரியையும் அதைத்தான் சொல்லியிருக்கிறார், மலாயில், கொஞ்சம் சத்தமாக. வகுப்பு சிரித்தது.

எனக்குத் தெரிந்தவர்களிடம் யோசனை கேட்டது என் தவறு. அடுத்த வீட்டு அக்கா உடனே சொன்னார், "வயித்துவலின்னு எழுதிடு. யாரு கேட்கப் போறா?" யார் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், என்னைப் போல ஒருத்தி கேட்பாள். காலையில் நலமாக வந்து, சரியாக ஒரு மணி நேரம் மட்டும் வலித்து, ஓய்வு நேரத்தில் கேண்டீனில் மீ கோரெங் சாப்பிடும் வயிற்றுவலி. அதுவும் நான்கு முறை, நான்கும் கூடுதல் கணிதத்தில். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டால் அவனுடைய நண்பன் சொன்ன பொய்யை நானும் சேர்ந்து சொன்னதாகிவிடும். அடுத்த முறை மகனுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்து நான் எழுதினாலும் அது செல்லாது.

என் மாமியார் நேர் எதிர். "நம்ம காலத்துல தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடும்போதே சொல்லிடுவாங்க, கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க வாத்தியாரேன்னு. அப்படி எழுது" என்றார். அத்தை சொன்னதில் ஒரு நேர்மை உண்டு. பிள்ளையும் ஆசிரியரும் ஒரு பக்கம், நான் இன்னொரு பக்கம் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆனால் நம் பள்ளிகளில் யார் பிரம்பெடுக்கலாம் என்பதற்கு 1959ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. பையன்களையும் தலைமையாசிரியரோ அவர் பொறுப்புக் கொடுத்தவரோதான். நானாகவே 'அடியுங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவன் பயந்ததைப் பற்றி எப்படிப் பேசுவது?

முதல் இரவு நான் எழுதியதை இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. ஒன்றரைப் பக்கம். ஆகஸ்டு 13லேயே ஆரம்பித்து, உங்கள் பதிவே தவறு, பேருந்தில் அழைத்துப் போனதே நீங்கள்தான், இப்படிப்பட்ட பதிவை வைத்துக்கொண்டா என் மகனைக் குற்றம் சொல்கிறீர்கள் என்று போகிறது. பிறகு ஆசிரியை சொன்ன சொல். மாணவர் மனநலம். அந்த நான்கு நாள்கள் கடைசிப் பத்தியில் அரை வரி.

என் கணவர் துறைமுகத்தில் இரவு வேலை. காலையில் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அதைப் படித்தார். "இது பதிலா, வழக்கா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. எங்கள் அலுவலகத்துக்கு வரும் பதில்களில் இதே தந்திரத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ஐந்து குற்றச்சாட்டில் ஒன்று தவறாக இருந்தால், அந்த ஒன்றைத் தூக்கிப் பிடித்து மற்ற நான்கையும் அதன் பின்னால் ஒளித்து வைப்பது. படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். தவறான தேதியைத் திருத்தச் சொல்லத்தான் வேண்டும், அது பதிவில் நிற்கிறது. ஆனால் அது நான்கையும் ஒப்புக்கொண்ட பிறகு வரவேண்டும், ஆதாரத்தோடு, இரண்டு வரியில்.

இரண்டாம் இரவு மறுபடி எழுதினேன். அனுப்பும் முன் மகனை அழைத்துப் படிக்கச் சொன்னேன். அவனைப் பற்றிய கடிதம், அவனுக்குத் தெரியாமல் போகக்கூடாது என்று நினைத்தேன். நான் எதையாவது தவறாகப் புரிந்திருந்தாலும் அப்போதே தெரியும். மெதுவாகப் படித்தான். ஒரு வரியில் விரலை வைத்தான். ஆசிரியை சொன்ன சொல்லை நான் அப்படியே எழுதியிருந்த வரி.

"இத எடுத்துருங்கம்மா."

"நடந்ததுதானே?"

"நடந்துச்சு. ஆனா டீச்சர் வேணும்னு சொல்லல. எழுத்துல போட்டா பிரின்சிபல் படிப்பாரு. அப்புறம் அவங்க என்னை எப்படிப் பார்ப்பாங்க?"

நான் வாதாடினேன். அந்தச் சொல் இல்லாமல் காரணம் எப்படிப் புரியும்? அவன் விடவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பலகைக்கு அழைக்கப்படுவதற்குப் பயந்தான் என்பது கடிதத்தில் இருக்கும். ஆசிரியை சொன்ன சொல் இருக்காது. நேரில் பார்க்கும்போது நானே அவரிடம் சொல்வேன். நண்பனின் பெயரும் வேண்டாம் என்றான். அதை நான் முன்பே எழுதவில்லை. அடுத்தவர் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்க நான் யார்?

மலாயில் அனுப்பிய கடிதம் இது. தமிழில் தருகிறேன். முகவரியையும் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, கட்டொழுங்கு ஆசிரியரின் கவனத்திற்கு.

தங்கள் கடிதம் கிடைத்தது. ஜூலை 7, ஜூலை 17, ஆகஸ்டு 7, ஆகஸ்டு 27 ஆகிய நான்கு நாள்களும் என் மகன் கூடுதல் கணித வகுப்பில் இல்லை என்பது உண்மை. அவனிடம் விசாரித்தேன், ஒப்புக்கொண்டான். அந்த நேரத்தில் பள்ளி வளாகத்துக்குள்தான் இருந்திருக்கிறான். நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை. தங்கள் கடிதம் வரும்வரை எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு உடல்நலக் குறைவு எதுவும் இல்லை.

ஆகஸ்டு 13 அன்று அவன் பள்ளியின் ஏற்பாட்டில் சாரணர் பயிற்சிக்குச் சென்றிருந்தான். அனுமதிப் படிவத்தின் நகலை இணைத்துள்ளேன். அந்தத் தேதியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டுகிறேன்.

அவன் வகுப்பைத் தவிர்த்த நான்கு நாள்களும் அவனுடைய எண் பலகைக்கு அழைக்கப்படும் நாள்கள். கணக்குப் போடத் தெரியாமல் வகுப்பின் முன் நிற்க அஞ்சி ஒளிந்திருக்கிறான். இதை மன்னிப்புக்கான காரணமாகச் சொல்லவில்லை. தெரியாது என்று ஆசிரியையிடமோ எங்களிடமோ அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவன் தவறு. இரண்டு மாதம் அவன் நோட்டைத் திறந்து பார்க்காதது எங்கள் தவறு.

பள்ளி விதிப்படி தாங்கள் எடுக்கும் நடவடிக்கையை ஏற்றுக்கொள்கிறோம். அது வகுப்பின் முன் நடக்காமல் இருந்தால் நல்லது என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் நாங்கள் செய்வது: வாரம் மூன்று இரவு பின்னத்திலிருந்தும் அடிப்படை இயற்கணிதத்திலிருந்தும் மறுபடி தொடங்கியிருக்கிறோம். கூடுதல் கணிதம் உள்ள நாள்களில் அன்றைய நோட்டை இரவில் பார்ப்பேன்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கூடுதல் கணித ஆசிரியையையும் ஆலோசக ஆசிரியரையும் என் மகனுடன் சேர்ந்து சந்திக்க நேரம் ஒதுக்கித் தாருங்கள். இனி எந்தப் பாடவேளையிலாவது அவன் இல்லை என்றால் அன்றே எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

இக்கடிதத்தை என் மகன் படித்திருக்கிறான்."

கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே அவனுடையது. அது அவனாகப் போட்டது.

'இனி இப்படி நடக்காது என்று உறுதி கூறுகிறேன்' என்ற வரியை வேண்டுமென்றே விட்டேன். எங்களுக்கு வரும் எல்லாப் பதில்களிலும் அந்த வரி இருக்கும். பதினாறு வயதுப் பையன் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எங்கே இருப்பான் என்று ஷா ஆலமில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படி உறுதி கூறுவது? நோட்டைப் பார்ப்பேன் என்பதை என்னால் செய்ய முடியும். அதனால் அதை எழுதினேன்.

இரண்டு நகல் எடுத்து நானே பள்ளி அலுவலகத்தில் கொடுத்தேன். ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியும் சாப்பும் வாங்கி வைத்துக்கொண்டேன். இது சந்தேகத்தால் இல்லை, தொழில் பழக்கம். ஆகஸ்டு 13ஐ நீக்கச் சொல்லியிருந்தேனே, பின்னால் யாராவது கேட்டால் காட்ட ஒரு தாள் வேண்டாமா?

நான்கு நாளில் அழைத்தார்கள். ஒரு சின்ன அறை, ஐந்து நாற்காலி. கட்டொழுங்கு ஆசிரியர் கடிதத்தை முன்னால் வைத்திருந்தார். சாரணர் ஆசிரியரிடம் விசாரித்துவிட்டதாகவும் ஆகஸ்டு 13 நீக்கப்பட்டது என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். நான்கு நாளும் மாணவர் நடத்தைப் பதிவில் ஏறும் என்றார். தவறவிட்ட நான்கு மணி நேரத்தையும் பள்ளி முடிந்தபின் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும். சாரணர் அறைச் சாவி இனி அலுவலகத்தில் இருக்கும். சரி என்றேன். அவனும் தலையாட்டினான்.

ஆசிரியையைப் பற்றி என் மனத்தில் ஒரு உருவம் வைத்திருந்தேன். வந்தவர் என்னைவிட இளையவர், கையில் திருத்தாத நோட்டுக் கட்டு. தேதியைப் பார்த்து அழைப்பது ஏன் என்று அவரே சொன்னார். வகுப்பில் 38 பேர். கையைத் தூக்குகிறவர்களை மட்டும் அழைத்தால் வருடம் முழுவதும் அதே ஐந்து பேர்தான் பலகைக்கு வருவார்கள். தானே தேர்ந்தெடுத்தால் வேண்டுமென்றே அழைக்கிறார் என்பார்கள். தேதிக்கு யார் மேலும் கோபமில்லை. எனக்கு மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை. நியாயமான முறைதான், ஆனால் இன்று என் எண் என்று காலையிலேயே தெரிந்துவிடும் முறை. பயந்தவனுக்கு ஒளிந்துகொள்ள நேரம் கொடுக்கும் முறையும் அதுவே.

மகனை வெளியே அனுப்பிவிட்டு அந்தச் சொல்லை அவரிடம் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு நான் கேட்காததை அவரே சொன்னார். இனி எண் வந்தவர் பக்கத்தில் இருக்கும் நண்பரையும் கூட்டிக்கொண்டு இருவராக வரலாம். முதல் வரிவரை தெரிந்தால் போதும், மீதியை வகுப்பே சேர்ந்து முடிக்கும்.

ஆலோசக ஆசிரியர்தான் கடினமான கேள்வியைக் கேட்டார். அவனுக்குக் கூடுதல் கணிதம் வேண்டுமா? நான்காம் படிவத் தொடக்கத்தில் பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுத்தது யார்? நான்தான். பொறியியல் படிப்பான் என்று நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அவன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது மாற்றினால் இவ்வளவு தூரம் நடந்து முடிந்த வேறொரு பாடத்தை முதலிலிருந்து பிடிக்க வேண்டும். எஸ்.பி.எம்.முக்குப் பதிவு முடிந்துவிட்டால் அதுவும் சிரமம். ஆண்டிறுதித் தேர்வு வரை பார்ப்போம், பிறகு அவனே முடிவு செய்யட்டும் என்று பேசி வந்தோம். வரும் வழியில் காரில் கேட்டேன். "தெரியலம்மா" என்றான். அந்தப் பதிலை நான் பிப்ரவரியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

வாரம் மூன்று இரவு என்று எழுதிவிட்டேனே, அதைச் செய்ய வேண்டும். எனக்கு இருபடிச் சார்பு மறந்து பல வருடமாகிவிட்டது. பின்னம் தெரியும், சம்பளக் கணக்கில் அரை நாள், கால் நாள் என்று வெட்டிக்கொண்டே இருக்கிறேன். 5/2இல் பாதி 5/4 என்பதை அவன் கடைசியில் பிடித்தது தோசையில் இல்லை, ஓவர்டைமில். இரண்டரை மணி நேர வேலையை இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒன்றேகால் மணி. "அப்போ கீழ இருக்கற நம்பர்தான் டபுள் ஆகுது" என்றான். அதற்கு மேல் 5/4இன் வர்க்கம் 25/16 என்று அவனே போனான். மற்றதற்கு என் அண்ணன் மகள் சனிக்கிழமை வருகிறாள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். கட்டணம், மதியச் சாப்பாடு.

செப்டம்பர் 17 பள்ளி விடுமுறையில் போய்விட்டது. அக்டோபர் 7 செவ்வாய், 17 வெள்ளி. பாடம் இல்லை. தீபாவளி முடிந்து வந்த முதல் ஏழு, அக்டோபர் 27, திங்கட்கிழமை. நாள்காட்டியில் நான் அதை வட்டம் போடவில்லை. ஆனால் அன்று காலை காரில் இரண்டு பேருமே பேசவில்லை. பதினொன்றரை மணிக்கு ஒரு கூட்டத்தில் இருந்தேன். கைப்பேசியை மேசை மேல் திருப்பி வைத்திருந்தேன். செய்தி எதுவும் வரவில்லை.

மாலையில் மிச்சமிருந்த முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னான். கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருப்பவனோடு போனான். இரண்டு வரி போட்டான். மூன்றாவது வரியில் குறி மாறிவிட்டது, கழித்தலைக் கூட்டலாகப் போட்டுவிட்டான். பின்னாலிருந்து ஒரு பெண் சொல்லித் திருத்தினாள்.

"சிரிச்சாங்களா?"

"ரெண்டு பேரு."

இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த ஏழு நவம்பர் 17, அதுவும் திங்கள்.